திரும்பி வந்த மின்னஞ்சலின் எண்கள்: பெட்டி நிரம்பியது, பயனர் இல்லை, அனுப்புநர் தடுக்கப்பட்டார்

அனுப்பிய மின்னஞ்சல் உரியவரைச் சேராதபோது MAILER-DAEMON அல்லது Mail Delivery Subsystem என்னும் பெயரில் ஓர் அறிக்கை அனுப்பியவரின் பெட்டிக்கு வந்து சேர்கிறது. பெறுநரின் பக்கத்திலிருந்து யாரோ எழுதி அனுப்பிய மறுமொழி என்று அது தோற்றம் காட்டினாலும், பெரும்பாலான நேரங்களில் அதை எழுதுவது அனுப்பியவருடைய சொந்த அஞ்சல் சர்வரே ஆகும். எதிர்முனைச் சர்வர் அஞ்சலை வாங்க மறுத்தபோது சொன்ன ஒரே ஒரு வரியை மேற்கோளாக வைத்து, அதைச் சுற்றித் தன் விளக்கத்தையும் சேர்த்து அந்தச் சர்வர் அறிக்கையைத் தயாரிக்கிறது. ஆகவே அறிக்கையின் தொடக்கத்தில் காணப்படும் பணிவான ஆங்கிலப் பத்திகளைவிட, உள்ளே புதைந்திருக்கும் அந்த மேற்கோள் வரியும் அதிலுள்ள எண்களுமே நடந்ததை அறிய உதவும் சான்றுகள். பெட்டி நிரம்பியது, அப்படி ஒரு பயனர் இல்லை, அனுப்புநர் தடுக்கப்பட்டார் என்னும் மூன்று காரணங்களும் பயனரின் கண்ணுக்கு ஒரே மாதிரியான தோல்வியாகத் தெரிந்தாலும், அடுத்து செயல்பட வேண்டியவர் யார் என்பதில் அவை முற்றிலும் வேறுபடுகின்றன.

மின்னஞ்சல் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குச் செல்வது எஸ்எம்டிபி என்னும் நெறிமுறையின்படி நடக்கும் ஓர் உரையாடலாகும். இணைய முன்னோடிகளுள் ஒருவரான ஜான் போஸ்டல் 1982இல் ஆர்எஃப்சி 821 என்னும் ஆவணத்தில் வகுத்த இந்நெறிமுறை, 2008இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5321 வடிவில் இன்றும் புழக்கத்தில் உள்ளது. அனுப்பும் சர்வர் முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அனுப்புநர் முகவரியை MAIL FROM என்னும் கட்டளையாலும், பெறுநர் முகவரியை RCPT TO என்னும் கட்டளையாலும் தெரிவித்த பின்னரே, DATA என்னும் கட்டளைக்குப் பிறகு கடிதத்தின் உள்ளடக்கத்தை ஒப்படைக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் எதிர்முனை மூன்று இலக்க எண் ஒன்றை மறுமொழியாகத் தர வேண்டும். அதன் முதல் இலக்கம் 2 எனில் ஏற்பு, 3 எனில் மேலே தொடரலாம், 4 எனில் தற்காலிக மறுப்பு, 5 எனில் நிரந்தர மறுப்பு என்று பொருள். இந்த முதல் இலக்கம் மனிதருக்காக அன்றி இயந்திரத்துக்காகவே எழுதப்பட்டது என்பதை நினைவில் கொள்வது நல்லது. 4 என்றால் அனுப்பும் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துப் பிறகு மீண்டும் முயலும். 5 என்றால் முயற்சியைக் கைவிட்டு அறிக்கையை எழுதத் தொடங்கும்.

மூன்று இலக்கங்கள் காரணத்தைச் சொல்லப் போதவில்லை என்பது விரைவில் தெரிந்தது. எடுத்துக்காட்டாக, 550 என்னும் எண்ணுக்கு நெறிமுறை தரும் விளக்கமே பெட்டி இல்லாத நிலையையும், அணுக அனுமதி இல்லாத நிலையையும், கொள்கை காரணமான மறுப்பையும் ஒன்றாக அடக்கிக்கொள்கிறது. முகவரியில் ஓர் எழுத்தைத் தவறவிட்டவரும், எரிதம் அனுப்புபவராகச் சந்தேகிக்கப்பட்டவரும் ஒரே எண்ணைப் பெற்றால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. இக்குறையை நீக்க 1996இல் ஆர்எஃப்சி 1893 ஆகவும், திருத்தப்பட்டு 2003இல் ஆர்எஃப்சி 3463 ஆகவும் வெளியான நிலைக்குறியீடுகள், புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று எண்களைக் கொண்டவை. முதல் எண் முன்பு சொன்ன 2, 4, 5 என்னும் வகையைக் குறிக்கிறது. நடு எண் சிக்கல் எந்த இடத்தில் உள்ளது என்பதைக் காட்டுகிறது. கடைசி எண் அந்த இடத்துக்குள் நுட்பமான காரணத்தைத் தருகிறது. தொடக்கத்தில் சொன்ன மூன்று காரணங்களுக்கும் தேவையான நடு எண்கள் முகவரியைக் குறிக்கும் 1, பெறுநரின் அஞ்சல் பெட்டியைக் குறிக்கும் 2, பாதுகாப்பையும் கொள்கையையும் குறிக்கும் 7 ஆகிய மூன்று மட்டுமே. கடைசி எண்ணை மறந்தாலும் நடு எண்ணை மட்டும் படிக்கத் தெரிந்தவர், அறிக்கையின் பெரும்பகுதியைப் படித்துவிட்டார் என்றே கொள்ளலாம்.

தனக்கென ஓர் அஞ்சல் சர்வரை வைத்திருக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம், ஆண்டுக் கூட்டத்துக்கான அழைப்பை ஒரே கடிதமாக மூன்று உறுப்பினர்களுக்கு அனுப்புவதாகக் கொள்வோம். சர்வரில் இயங்குவது பரவலாகப் பயன்படும் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மென்பொருள். அழைப்பு புறப்பட்ட சில நொடிகளில் ஓர் அறிக்கை திரும்பி வருகிறது; அதில் இரண்டு பெறுநர்களைப் பற்றிய குறிப்புகள் தனித்தனியே உள்ளன.

```
Final-Recipient: rfc822; kalai@example.org
Action: failed
Status: 5.1.1
Remote-MTA: dns; mx.example.org
Diagnostic-Code: smtp; 550 5.1.1 <kalai@example.org>:
    Recipient address rejected: User unknown

Final-Recipient: rfc822; murugan@example.net
Action: failed
Status: 5.7.1
Remote-MTA: dns; mx.example.net
Diagnostic-Code: smtp; 554 5.7.1 Service unavailable;
    Client host [192.0.2.25] blocked using zen.spamhaus.org
```

மூன்றாமவரைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லாததால் அவருக்கு அழைப்பு கிடைத்துவிட்டது என்று சங்கத்தார் முடிவு செய்தால் அது பிழையாகும். ஐந்து நாள்கள் கழித்து இரண்டாம் அறிக்கை வருகிறது.

```
Final-Recipient: rfc822; selvi@example.com
Action: failed
Status: 4.2.2
Remote-MTA: dns; mx.example.com
Diagnostic-Code: smtp; 452 4.2.2 Mailbox full
```

இக்குறிப்புகளில் Final-Recipient என்பது இறுதியாக எந்த முகவரியில் கடிதம் நின்றது என்பதையும், Remote-MTA என்பது மறுத்த சர்வர் எது என்பதையும், Diagnostic-Code என்பது அச்சர்வர் சொன்ன சொற்களை மாற்றமின்றியும் காட்டுகின்றன. Remote-MTA என்னும் வரி இல்லையென்றால் மறுப்பு பெரும்பாலும் எதிர்முனையிலிருந்து வரவில்லை என்று கொள்ளலாம். டொமைன் பெயரைக் கண்டறிய முடியாமையோ இணைப்பே கிட்டாமையோ காரணமாக அனுப்பும் சர்வரே கைவிட்டிருக்கக்கூடும்.

மூன்றாம் உறுப்பினரின் பெட்டி நிரம்பிய நிலையிலிருந்து தொடங்குவது பொருத்தமானது, ஏனெனில் அந்த அறிக்கையில்தான் முரண் போலத் தோன்றும் ஒன்று உள்ளது. Status என்னும் வரியில் முதல் இலக்கம் 4, அதாவது தற்காலிகம். ஆனால் Action என்னும் வரியோ failed, அதாவது தோற்றுவிட்டது. இரண்டும் உண்மையே. எதிர்முனை ஒவ்வொரு முறையும் தற்காலிக மறுப்பையே தந்தது. அனுப்பும் சர்வர் திரும்பத் திரும்ப முயன்று, தனக்கு வகுக்கப்பட்ட கால எல்லை முடிந்ததும் நிறுத்திக்கொண்டது. முயற்சிகளுக்கு இடையே குறைந்தது 30 நிமிட இடைவெளியும், கைவிடுவதற்குமுன் பொதுவாக நான்கைந்து நாள்களும் இருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 5321 பரிந்துரைக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான எல்லை ஐந்து நாள்கள். சில சர்வர்கள் இடையிலேயே Action: delayed என்று ஓர் எச்சரிக்கையை அனுப்புவதுண்டு. அது தோல்வி அறிக்கை அன்று, கடிதம் இன்னும் வரிசையில் காத்திருக்கிறது என்னும் தகவல் மட்டுமே. அதைத் தோல்வி என்று எண்ணி மறுபடி மறுபடி அனுப்புகிறவரின் கடிதங்கள், பெட்டியில் இடம் கிடைத்ததும் மொத்தமாகப் போய்ச் சேரும்.

பெட்டி நிரம்பியதை 4.2.2 என்று சொல்வதா 5.2.2 என்று சொல்வதா என்பதில் சர்வர்களிடையே ஒருமை இல்லை. பெறுநர் சில கடிதங்களை அழித்தால் இடம் உண்டாகிவிடும் என்பதால் இதைத் தற்காலிகத் தோல்வியாகவே கருத வேண்டும் என்று ஆர்எஃப்சி 3463 தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் 5.2.2 என்று நிரந்தர மறுப்புத் தரும் சர்வர்கள் உண்டு. அவற்றின் நோக்கம் புரியாததன்று: ஐந்து நாள் கழித்துச் செய்தி அறிவதைவிட உடனே அறிந்தால் அனுப்பியவர் தொலைபேசியிலாவது தொடர்புகொள்வார். ஆயினும் 5 என்னும் இலக்கத்தை நம்பி முகவரியையே பட்டியலிலிருந்து நீக்கும் மென்பொருள்களும் இருப்பதால், நெறிமுறை சொல்வதே பாதுகாப்பான வழி எனத் தோன்றுகிறது. நடு எண் 2 ஆக இருக்கும்வரை முகவரி சரியானது, அந்தக் கணக்கும் இருக்கிறது என்பதே படிப்பவர் முதலில் கொள்ள வேண்டிய செய்தி.

நிரம்புவது எப்போதும் கடிதங்களால் அன்று என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஜிமெயிலின் இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம் கடிதங்களுக்கும், டிரைவில் வைக்கும் கோப்புகளுக்கும், புகைப்படங்களுக்கும் பொதுவானது. ஆகவே கைபேசியிலிருந்து தானாகச் சேரும் படங்களும் காணொளிகளும் ஒருவரின் மின்னஞ்சலை நிறுத்திவிடக்கூடும், அவரோ தன் கடிதங்களைப் பார்த்து இடம் நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். கடிதம் வராதவருக்குக் கடிதம் வரவில்லை என்று கடிதத்தில் சொல்ல முடியாது என்பதால், இத்தகைய அறிக்கையைக் கண்டவர் வேறு வழியில் அவருக்குத் தெரிவிப்பதே ஒரே தீர்வு. இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இரண்டு நிலைகள் உள்ளன. 4.3.1 என்பது பெறுநரின் பெட்டி அன்று, சர்வரின் வட்டிலேயே இடம் இல்லை என்பதைச் சொல்கிறது. 5.2.3 அல்லது 5.3.4 என்பது கடிதம் அளவுக்கு மீறிப் பெரியது என்பதைச் சொல்கிறது. இணைப்புக் கோப்பு உரை எழுத்துகளாக மாற்றப்பட்டே அனுப்பப்படுவதால் அதன் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 20 எம்பி கோப்பு வழியில் 27 எம்பி அளவுக்கு வீங்கி, 25 எம்பி எல்லை வைத்துள்ள சர்வரால் மறுக்கப்படுவது இதனால்தான். காத்திருப்பதால் இது தீராது.

முதல் உறுப்பினருக்குக் கிடைத்த 5.1.1, மூன்றனுள் மிகத் திட்டவட்டமான மறுப்பு. டொமைன் உள்ளது, அதன் சர்வர் பதில் சொல்கிறது, ஆனால் @ குறிக்கு இடப்புறம் உள்ள பெயரில் அங்கே எவரும் இல்லை என்பது அதன் பொருள். வலப்புறத்தில் பிழை நேர்ந்திருந்தால் பெரும்பாலும் 5.1.2 அல்லது 5.4.4 போன்ற வேறு எண்கள் வந்திருக்கும்; தவறாகத் தட்டிய டொமைனே வேறொருவருக்குச் சொந்தமாக இருந்துவிட்டால் எந்த அறிக்கையும் வராமல் கடிதம் அந்நியரிடம் போய்ச் சேர்வதும் உண்டு, அதுவே எல்லாவற்றிலும் மோசமான நிலை. எழுத்துப் பிழை இல்லை என்று உறுதியான பின் எஞ்சுவன, உரியவர் பணியிலிருந்து விலகியதால் நீக்கப்பட்ட அலுவலக முகவரியும், நெடுங்காலம் பயன்படாததால் அழிக்கப்பட்ட கணக்குமே. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் பணியைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியதால், பழைய முகவரிப் பட்டியல்களில் இந்த எண் இப்போது கூடுதலாகவே தென்பட இடமுண்டு. கணக்கு அழிக்கப்படாமல் முடக்கப்பட்டு மட்டும் இருந்தால் 5.2.1 வர வேண்டும். ஆனால் அதற்கும் 5.1.1 என்றே சொல்லும் சர்வர்கள் உள்ளன.

சில நேரங்களில் Final-Recipient வரியில் காணப்படும் முகவரி அனுப்பியவர் ஒருபோதும் எழுதாத முகவரியாக இருக்கும். பெறுநர் தன் கடிதங்களைத் தானாக வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்து, அந்த இரண்டாம் முகவரி பிற்பாடு அழிந்திருந்தால் இப்படி நேரும். அனுப்பியவரின் பக்கத்தில் திருத்த ஏதுமில்லை. பெறுநரோ தன் பழைய ஏற்பாடு அறுந்துபோனதை அறியாமல் இருப்பார்.

5.1.1 திட்டவட்டமானது என்றாலும் பிழையற்றது அன்று என்பதற்கு 2020 டிசம்பர் 14, 15 நாள்களில் ஜிமெயிலில் நேர்ந்தது நல்ல சான்று. ஓர் உள்ளமைப்பு மாற்றத்தின்போது, கடிதம் வாங்கும் சேவைக்கு gmail.com என்னும் டொமைன் பெயருக்குப் பதிலாகச் செல்லாத ஒரு பெயர் தரப்பட்டது. அதனால் உயிருடன் இருந்த கணக்குகளைத் தேடியபோது அவை இல்லாதனவாகத் தோன்றி, சேவையானது 550 5.1.1 என்று மறுமொழி தந்தது. அச்சமயம் 4 என்னும் தற்காலிக வகை பயன்பட்டிருந்தால் அனுப்பிய சர்வர்கள் காத்திருந்து பிறகு சேர்த்திருக்கும். நிரந்தர வகை என்பதால் கடிதங்கள் அங்கேயே கைவிடப்பட்டன. ஒரே ஒரு 5.1.1 கண்டதும் முகவரியை நீக்கும்படி அமைக்கப்பட்ட செய்திமடல் மென்பொருள்கள் நல்ல முகவரிகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடும் நிலை உண்டானது. சர்வரின் கூற்று, அது கேட்கப்பட்ட நொடியில் அந்தச் சர்வருக்குத் தெரிந்தது மட்டுமே. நேற்றுவரை பதில் எழுதிக்கொண்டிருந்தவர் இன்று இல்லை என்று அறிக்கை சொன்னால், ஒரு நாள் விட்டு மீண்டும் முயல்வதில் தவறில்லை.

எதிர்த் திசையிலும் ஐயம் உண்டு. யாருடைய பெயர்கள் உள்ளன என்பதை ஆயிரக்கணக்கான ஊகப் பெயர்களைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் எரிதக்காரர்களுக்கு 5.1.1 ஒரு வழிகாட்டியாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க சில நிறுவனங்கள் எந்தப் பெயரையும் RCPT TO நிலையில் ஏற்றுக்கொண்டு, பிறகு இல்லாதவற்றை ஓசையின்றிக் கைவிடுகின்றன. ஆகவே அறிக்கை வராமை மட்டுமே முகவரி சரி என்பதற்கு ஆதாரம் ஆகாது.

இரண்டாம் உறுப்பினருக்குரிய 5.7.1தான் மிகுதியும் தவறாகப் படிக்கப்படுவது. தடுக்கப்பட்டது என்னும் சொல்லைக் கண்டதும், பெறுநர் தம்மை விலக்கிவிட்டார் என்று மனம் வருந்துபவர்கள் உண்டு. ஜிமெயில், அவுட்லுக் போன்ற பெரும் சேவைகளில் ஒருவர் இன்னொருவரைத் தடை செய்தால், அவரிடமிருந்து வரும் கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டு எரிதப் பெட்டியில் போடப்படுகிறதே தவிர, அனுப்பியவருக்கு எந்த அறிக்கையும் செல்வதில்லை. எனவே அறிக்கை வந்திருக்கிறது என்பதே, பெரும்பாலும் மறுத்தது மனிதர் அன்று, சர்வர் என்பதைக் காட்டுகிறது. விதிவிலக்கு, நிறுவனங்கள் தம் குழு முகவரிகளுக்கு வெளியாரின் கடிதம் வரக்கூடாது என்று வைக்கும் கட்டுப்பாடு. மைக்ரோசாஃப்ட் 365 இதை 5.7.133 போன்ற தனி எண்களால் சொல்கிறது.

மேலே கண்ட அறிக்கையில் மறுக்கப்பட்டது சங்கமோ அதன் முகவரியோ அன்று, 192.0.2.25 என்னும் எண்ணைக் கொண்ட கணினி. எரிதம் அனுப்பும் கணினிகளின் பட்டியல்களைச் சில அமைப்புகள் பராமரிக்கின்றன. அவற்றுள் ஸ்பாம்ஹாஸ் நிறுவனத்தின் பட்டியல் பரவலாகப் பயன்படுவது. கடிதம் வாங்கும் சர்வர், இணைப்பு எண்ணின் பகுதிகளைத் தலைகீழாக அடுக்கி 25.2.0.192.zen.spamhaus.org என்று ஒரு பெயரை உருவாக்கி, இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் அதைக் கேட்கிறது. பதில் இல்லையெனில் அந்த எண் பட்டியலில் இல்லை. 127.0.0.2 போன்ற பதில் கிடைத்தால் எண் பட்டியலில் இருக்கிறது என்று கொண்டு மறுக்கிறது. 127.0.0.10 அல்லது 127.0.0.11 எனில், அந்த எண் வீட்டு இணைய இணைப்பு போன்ற, நேரடியாக அஞ்சல் அனுப்பக்கூடாத வகையைச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள், குற்றம் ஏதும் சாட்டப்படவில்லை. 127.255.255.254 என்னும் பதிலோ பட்டியலைப் பற்றியதே அன்று. பொதுப் பெயர்ச் சேவையின் வழியாகக் கேட்டதால் கேள்வியே மறுக்கப்பட்டது என்பதைத் தெரிவிப்பது. இதைப் பிரித்தறியாமல் எந்தப் பதிலையும் குற்றச்சாட்டாகக் கொள்ளும்படி அமைக்கப்பட்ட சர்வர், உலகத்திலிருந்து வரும் எல்லாக் கடிதங்களையும் 5.7.1 என்று திருப்பிவிடும். அத்தகைய நிலையில் தவறு பெறுநரின் பக்கத்தில் இருக்க, சங்கத்தார் தங்கள் சர்வரைக் குடைந்துகொண்டிருப்பர். இதனால் சங்கத்தின் நிர்வாகி முதலில் ஸ்பாம்ஹாஸின் தேடல் பக்கத்தில் தம் எண் உண்மையிலேயே உள்ளதா என்று பார்க்க வேண்டும். உள்ளது எனில், கடவுச்சொல் திருடப்பட்ட ஒரு கணக்கோ, நச்சுநிரல் புகுந்த ஒரு கணினியோ அவர்கள் சர்வரின் வழியாக எரிதம் அனுப்பியிருக்க வாய்ப்பு மிகுதி. அதை நிறுத்தாமல் நீக்கக் கோரினால் எண் விரைவில் மறுபடியும் பட்டியலில் ஏறும்.

7 என்னும் நடு எண்ணின்கீழ் வரும் இன்னொரு பெரும்பிரிவு அடையாள உறுதிப்பாடு. எஸ்பிஎஃப் என்பது ஒரு டொமைனின் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று அதன் உரிமையாளர் வெளியிடும் பட்டியல். டிகேஐஎம் என்பது கடிதத்தோடு செல்லும் மறையீட்டுக் கையொப்பம். இவற்றுள் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் எல்லா அனுப்புநர்களிடமும் கோருகிறது. நாளொன்றுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும், அவற்றோடு டிமார்க் என்னும் கொள்கை அறிவிப்பும் தேவை. உறுதிப்பாடு தேறாத கடிதம் 5.7.26 என்னும் எண்ணோடு திரும்புகிறது. எல்லாம் சரியாக அமைத்தவருக்கும் இது வரக்கூடும்: பெறுநர் தன் கடிதங்களை வேறொரு பெட்டிக்குத் திருப்பிவிட்டிருந்தால், இரண்டாம் பெட்டியின் கண்ணுக்கு அனுப்பும் கணினி இடையிலுள்ள சர்வராகவே தெரிவதால் எஸ்பிஎஃப் தோற்கும், கையொப்பம் இல்லாத கடிதத்துக்கு வேறு சான்று இராது. எவ்வகையானாலும், கடிதத்தின் சொற்களை மாற்றியோ மீண்டும் மீண்டும் அனுப்பியோ 5.7 வகை மறுப்பைத் தீர்க்க எழுதியவரால் பெரும்பாலும் இயலாது. அறிக்கையை முழுமையாக, சுருக்காமல், தம் அஞ்சல் நிர்வாகிக்கு அனுப்புவதே அவர் செய்யக்கூடியது. முதல் பத்தியை மட்டும் படமெடுத்து அனுப்பினால் நிர்வாகிக்குத் தேவையான வரி அதில் இராது.

இவை எல்லாம் அறிக்கை உண்மையானது என்னும் அடிப்படையில் சொல்லப்பட்டவை. பிறருடைய முகவரியை அனுப்புநராகப் போலியாக இட்டு எரிதம் அனுப்புவது எளிது என்பதால், ஒருவர் எழுதாத கடிதங்களுக்கான தோல்வி அறிக்கைகள் அவர் பெட்டியில் குவிவது உண்டு. கடிதத்தை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு பெயரைத் தேடி, இல்லை என்று கண்டு அறிக்கை எழுதும் சர்வர்களே இதற்குக் காரணம். உரையாடலின்போதே மறுக்கும் சர்வர் அந்நியருக்கு எதையும் எழுதுவதில்லை. வேறொரு வகை ஏமாற்று, உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே சொடுக்குக என்று வரும் கடிதம். தோல்வி அறிக்கை எப்போதும் பெறுநரின் பெட்டியைப் பற்றியே பேசும், படிப்பவரின் பெட்டியைப் பற்றிப் பேசாது, கடவுச்சொல்லும் கேட்காது. உண்மையான அறிக்கையின் இறுதிப் பகுதியில் திரும்பிய கடிதத்தின் தலைப்பு வரிகள் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் Message-ID என்னும் வரியிலுள்ள நீண்ட அடையாளம், தம் அனுப்பிய கடிதங்களின் தொகுப்பில் உள்ள மூலக் கடிதத்தின் Message-ID உடன் ஒத்திருந்தால் அந்த அறிக்கை தம்முடைய கடிதத்துக்கே உரியது, இல்லையெனில் அதை அழித்துவிடலாம்.